பச்சை உடம்புக்காரியின் மலச்சிக்கலும் மூலமும்: பால் கொடுக்கும்போது எது ஆகும், எது ஆகாது

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை. பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். நான் போனபோது அந்தப் பெண் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து கொடுக்கலாமே கண்ணு என்றதும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "உக்கார முடியலைங்க சிஸ்டர். ஆசுபத்திரியில இருந்து வந்ததுல இருந்து வெளிக்கே போகலைங்க. இன்னிக்குக் காத்தால போனேன். கல்லு மாதிரி வந்துச்சு. ரத்தம் வேற. கழுவறப்ப கைல என்னமோ உருண்டையாத் தட்டுப்படுது."

கிராம சுகாதாரச் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்ததில் இந்தப் பேச்சைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். தையல் வலி, பால் கட்டுவது, குழந்தைக்கு மஞ்சள் காமாலை பற்றியெல்லாம் வாய்விட்டுக் கேட்பார்கள். இதை மட்டும் ஐந்து நாள், பத்து நாள் உள்ளேயே வைத்துக்கொண்டு, கடைசியில் யாரோ சொன்ன பொடியையோ களிம்பையோ போட்ட பிறகுதான் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கு அன்றிலிருந்து என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் பிரசவம் முடிந்தவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, அம்மாயி, அத்தைமார்களுக்கும் உதவும்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

பிரசவமான அன்றும் மறுநாளும் வெளிக்குப் போகாமல் இருப்பது சாதாரணம். பிரசவ வலி நேரத்தில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள், சில இடங்களில் குடலைச் சுத்தம் செய்தும் இருப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தானாக வரும். சிசேரியன் என்றால் குடல் அசைவு திரும்ப இன்னும் ஒரு நாள் கூடலாம். மூன்று நாளைத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் நான்கு கேள்வி கேட்டேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? என்னென்ன மாத்திரை போடுகிறாய்? வெளிக்கு வருகிற மாதிரி இருந்தால் உடனே போகிறாயா, அடக்குகிறாயா?

பதிலில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான், அதுவும் பாதிப் பாதி. ஏன் என்று கேட்டதற்கு அம்மாயி பதில் சொன்னார்: "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி நெறையக் குடுத்தா வயிறு ஊதிப் போயிருமுங்க." சாப்பாடு இட்லி, பூண்டுக் குழம்பு, வெள்ளைச் சோறு, மிளகு ரசம், கருவாடு. கீரை குளிர்ச்சி, பழம் சளி என்று இரண்டுமே கிடையாது. மாத்திரையில் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து. கடைசிக் கேள்விக்கு அவள் மெதுவாகச் சொன்னாள்: இரண்டாம் நாளே வருகிற மாதிரி இருந்ததாம். முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து அடக்கிக்கொண்டாளாம்.

இந்த நான்கும் சேர்ந்தால் மலம் இறுகாமல் என்ன செய்யும்? மலம் பெருங்குடலில் தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பால் கொடுக்கிற உடம்பு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பாலாகவே தண்ணீரை இழக்கிறது. மூன்று டம்ளர் குடித்து முக்கால் லிட்டர் வெளியே போனால், பாக்கிக்கு உடம்பு குடலிலிருந்துதான் எடுக்கும்.

மூலம் தனியாக வந்த நோய் இல்லை. ஆசனவாயைச் சுற்றி இயல்பாகவே ரத்தக் குழாய் மெத்தைகள் உண்டு. கர்ப்பத்தில் கருப்பையின் பாரம் அழுத்தி அவை ஏற்கெனவே வீங்கியிருக்கும். பிரசவத்தில் முக்கும்போது இன்னும் வெளியே தள்ளும். அதற்கு மேல் கல் மாதிரி மலம் உரசிக்கொண்டு வந்தால் ரத்தமும் வலியும். அதனால் மலத்தை இளக்காமல் மூலத்துக்குக் களிம்பு மட்டும் தடவுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற மாதிரி. இங்கே வரிசை முக்கியம்: தண்ணீர், சாப்பாடு, மலம் இளக்கி, அதற்கப்புறம்தான் களிம்பு.

மூலமா, வெடிப்பா, தீட்டு ரத்தமா?

மலம் கழித்த பிறகு சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வந்து, வலி பெரிதாக இல்லாவிட்டால் பெரும்பாலும் உள்மூலம். வெளியே தொட்டால் மெத்தென்று ஒரு சதை தட்டுப்பட்டு, உட்கார்ந்தால் உறுத்தினால் வெளிமூலம். மலம் வெளியே வரும்போது கண்ணாடிச் சில்லால் கீறுவது போல வலித்து, அதன் பிறகும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எரிந்துகொண்டே இருந்தால் அது மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு. பிரசவத்துக்குப் பிறகு வெடிப்பும் நிறையப் பேருக்கு வரும். பலர் அதையும் மூலம் என்றே சொல்லி மூலக் களிம்பு போட்டுக்கொண்டிருப்பார்கள். மலத்தை இளக்குவது இரண்டுக்கும் பொது. ஆனால் வெடிப்பு ஆறாமல் நீடித்தால் அந்தத் தசையைத் தளர்த்தும் வேறு களிம்பை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

பிரசவத் தீட்டு பேடில் தெரியும். மூல ரத்தம் மலத்தின் மேலும் கழுவும் தண்ணீரிலும் தெரியும். குழப்பமாக இருந்தால் வெளிக்குப் போவதற்கு முன் புதுப் பேட் மாற்றிக்கொண்டு, போன பிறகு பின்பக்கம் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் பட்டால் பின்னால் இருந்து வருகிறது. கழுவும்போது எப்போதும் முன்னிருந்து பின்னாக.

இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு மலம் கரும்பச்சையாக இருக்கும். அது ரத்தம் இல்லை. தார் மாதிரிப் பிசுபிசுவென்று, துர்நாற்றத்தோடு கருப்பாகப் போனால் அது வேறு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு வெளிமூலம் ஒன்று, நிலக்கடலைப் பருப்பு அளவில். மெத்தென்று இருந்தது. நீலம் பாரிக்கவில்லை.

பத்தியத்துக்குள்ளேயே தண்ணீரும் நாரும்

அம்மாயியோடு சண்டை போட்டால் நான் வண்டி ஏறிப் போன பிறகு எதுவும் நடக்காது. அதனால் பத்தியத்தை உடைக்கச் சொல்லவில்லை. "தண்ணி ஆகாதுன்னா வெந்நீரா குடுங்க அம்மாயி. சீரகம் போட்டுக் கொதிக்க வெச்சதுன்னா ஆகுமுங்களா?" என்று கேட்டேன். சீரகத் தண்ணீர் என்றதும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. சரி, அதுபோதும்.

கணக்கு எளிது. குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறை மடியில் எடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர், இருநூறு மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர். அதிலேயே ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆகிவிடும். அதோடு ரசம், கஞ்சி, பால் எல்லாம் சேரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் பற்றவில்லை. தண்ணீர் குடித்து வயிறு ஊதுவதில்லை. பிரசவம் முடிந்த வயிறு சில வாரம் தொளதொளவென்றுதான் இருக்கும், அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நார்ச்சத்துக்கு நம் பக்கத்துச் சமையலே போதும், ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது. கொள்ளு கொடுக்கிறோம் என்பார்கள். கேட்டால் கொள்ளு ரசம். வேகவைத்த தண்ணீரில் நார் ஏது? அது கொள்ளிலேயே தங்கிவிடும். அதைக் கடைந்து கொள்ளுப் பருப்பாகச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். வாயு பிடிக்கும் என்று பயந்தால் பச்சைப்பயிறு கடையல் இன்னும் லேசாக இருக்கும், தோலோடு கடையுங்கள். மதியச் சோற்றில் பாதியைக் கம்பஞ்சோறாகவோ ராகிக் களியாகவோ மாற்றலாம். முருங்கைக்கீரையைச் சூடு என்று பல வீட்டில் ஒத்துக்கொள்வார்கள், அதில் ஒரு கைப்பிடி பொரியல். பழத்தில் கொய்யா நல்லது. அதற்கும் தடை என்றால் பதினைந்து உலர் திராட்சையை இரவு வெந்நீரில் ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடுவதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. நன்றாகப் பழுத்த பப்பாளி பால் கொடுக்கும் தாய்க்கு எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் இந்த ஒன்றில் அம்மாயிகளை நான் ஜெயித்ததே இல்லை.

தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டாதீர்கள். காய்ந்த நார் குடலில் அடைசலாகத்தான் நிற்கும்.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும் என்பது உண்மை. அதற்காகத் தானாக நிறுத்த வேண்டாம். பிரசவத்தில் போன ரத்தத்தை ஈடுகட்ட, ஆறு மாதம் வரை போடச் சொல்வது வழக்கம். தாங்கவே முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அளவைப் பார்த்து வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்வார். சுண்ணாம்பு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே நேரத்தில் வேண்டாம். டீ, காபியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

தையல் பிரியாது

இதை அந்தப் பெண்ணிடம் மூன்று முறை சொன்னேன். இளகிய மலம் கழிப்பதால் தையல் பிரிவதில்லை. அடக்கி வைத்து இறுகிய மலத்தை முக்கித் தள்ளும்போதுதான் அந்த இடம் வலிக்கிறது. பயம் போக ஒரு வழி: சுத்தமான பேட் ஒன்றையோ நான்காக மடித்த பருத்தித் துணியையோ தையல் இருக்கும் முன்பக்கத்தில் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு மலம் கழிக்க வேண்டும். தாங்கல் கிடைத்தவுடன் பயம் பாதி போய்விடும். சிசேரியன் ஆனவர்கள் ஒரு துண்டைச் சுருட்டி வயிற்றுத் தையல் மேல் அணைத்துக்கொள்ளலாம்.

காலைச் சாப்பாடு முடிந்து இருபது, முப்பது நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய் உட்காருங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேல் இருக்கும்படி, முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் சாயுங்கள். இந்தியக் கழிப்பறையில் அந்தச் சாய்வு தானாகவே வந்துவிடும், உட்கார்ந்து எழத்தான் வலிக்கும், சுவரையோ யார் கையையோ பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. வாயைத் திறந்து மூச்சை விட்டபடி வயிற்றை மட்டும் லேசாக வெளியே தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். செல்போனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது மூலத்தை வெளியே தொங்க விடுவதற்குச் சமம்.

மலம் இளக்கியில் எது பாலில் போகும்?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் பயந்து எதையும் போடாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு மருந்து பாலுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் தாயின் ரத்தத்துக்குள் போக வேண்டும். ரத்தத்துக்குள் போகாமல் குடலிலேயே வேலையை முடித்துவிட்டு மலத்தோடு வெளியேறும் மருந்து பாலுக்கு வர வழியே இல்லை. நல்ல வேளையாக, மலச்சிக்கலுக்கு முதலில் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

லாக்டுலோஸ் சிரப் இதில் ஒன்று. குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். பதினைந்து மில்லி இரவில் ஒரு முறை, தேவைப்பட்டால் காலையிலும் ஒரு முறை. குடித்தவுடன் வேலை செய்யாது, ஒரு நாளிலிருந்து இரண்டு, மூன்று நாள் வரை ஆகும். முதல் நாள் வாயு பிரியும், வயிறு கொஞ்சம் உப்பும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மறுநாளே "கேக்கலைங்க" என்று பாட்டிலை மூடி வைத்துவிடுகிறவர்கள் அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

மேக்ரோகால் பொடி இதே வேலையைச் செய்யும், பதினேழு கிராமை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. இதுவும் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மெக்னீசியம் உள்ள வெள்ளை மருந்தும் பால் கொடுக்கும்போது ஆகும். ஆனால் அதோடு லிக்விட் பாரஃபின் கலந்த சிரப்பும் கடையில் உண்டு. லேபிளைப் பாருங்கள். பாரஃபின் கலந்ததை இரண்டொரு நாளைக்கு மேல் நீட்டாதீர்கள், உணவில் இருக்கும் சில வைட்டமின்கள் உடம்பில் சேராமல் போகும்.

இசப்கோல் எல்லோருக்கும் தெரிந்தது, பாலுக்கும் பயமில்லை. ஆனால் ஐந்து நாளாகக் கல் மாதிரி அடைத்திருக்கும்போது அதிலிருந்து தொடங்காதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சி ஊதும் உமி. முன்னால் வழி அடைபட்டிருக்க, பின்னால் இன்னொரு மூட்டை சேர்த்த மாதிரி ஆகும். முதலில் இளக்கி வெளியேற்றிவிட்டு, மறுபடி இறுகாமல் பார்த்துக்கொள்ள இசப்கோல். ஒரு டீஸ்பூனில் தொடங்கி, முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கூழாகும் முன் குடித்துவிட்டு, பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

மலம் வாசல் வரை வந்து அடைத்து நிற்கிறது, முக்கினாலும் நகரவில்லை என்றால் கிளிசரின் மாத்திரையை ஆசனவாயில் வைக்கலாம். பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வேலை செய்யும், பாலில் போகாது. ஆனால் பிரசவத்தில் கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தால் பின்வழியாக எதையும் வைக்கக் கூடாது, எனிமாவும் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்றாம் டிகிரி, நான்காம் டிகிரி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பிசகோடில் மாத்திரையும் பாலில் தெரிகிற அளவுக்கு வருவதில்லை. ஆனால் குடலை முடுக்கிவிடும் மருந்து அது. மற்றவை கேட்காதபோது ஓரிரு நாள் மட்டும். நிலாவாரையும் அந்த வகைதான். அளவு குறித்த மாத்திரையாக மருத்துவர் சொன்னால் ஓரிரு நாள் போடலாம், நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கிக் கலக்கிக் குடிக்கும்போது எவ்வளவு உள்ளே போகிறதென்று யாருக்கும் தெரியாது. விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்குப் போவது வேண்டவே வேண்டாம். பச்சை உடம்பில் தண்ணீர் வற்றி, மயக்கம் வந்து, பால் சுரப்பும் குறையும். குழந்தைக்கு எண்ணெய் வைப்பதும் அப்படியே. ஒரு விஷயம், தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறேழு முறை மஞ்சளாக, தண்ணியாகப் போவது இயல்பு. தாய் லாக்டுலோஸ் குடித்ததால்தான் என்று அதன் மேல் பழி போட வேண்டாம்.

வலிக்கும் வீக்கத்துக்கும்

அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அரை அடிக்குக் குறைவாக வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது. அதில் இடுப்பு மட்டும் நனையும்படி பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒரு முறை கட்டாயம் வெளிக்குப் போன பிறகு. டெட்டால், உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். வேப்பிலையும் நொச்சியும் போட்டு ஆவி பறக்கப் பறக்க இடுப்பில் வெந்நீர் ஊற்றுவது வேறு, இது வேறு. அந்தச் சூடு வீங்கிய மூலத்துக்கு ஆகாது, தோலும் வெந்துவிடும்.

முதல் மூன்று நாள் வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். பின்னால் வைத்த குளிர்ச்சி பாலில் ஏறிக் குழந்தைக்குச் சளி பிடிக்காது.

மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் களிம்பை வெளிக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்பும், கழுவிய பின்பும் ஒரு பட்டாணி அளவு தடவலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்புக்கும் வீக்கத்துக்கும் கேட்கும், ஆனால் ஏழு நாளைக்கு மேல் வேண்டாம், தோல் மெலிந்துவிடும். இந்தக் களிம்புகளில் ரத்தத்துக்குப் போவது சொற்பம். போட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் மார்பையும் குழந்தையையும் தொடாதீர்கள், பார்த்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

வலிக்கு பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வரை. பற்றவில்லை என்றால் இப்யூப்ரோஃபென் 400, சாப்பிட்ட பிறகு. பால் கொடுக்கும்போது இரண்டும் போடலாம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இப்யூப்ரோஃபெனைக் கேட்காமல் போட வேண்டாம். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை மலத்தை இன்னும் இறுக்கும், பாலில் போய்க் குழந்தையை மந்தமாக்கும். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. சிசேரியனுக்குப் பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரையில் அது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூலத்துக்கு என்றே கடையில் கொடுக்கும் மாத்திரைகள், டையோஸ்மின், கால்சியம் டோபெசிலேட் போன்றவை, பால் கொடுக்கும்போது எப்படி என்று போதிய தகவல் இல்லாதவை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்று போடாதீர்கள். துத்தி இலையைக் குழம்பில் சேர்ப்பதும், கருணைக்கிழங்கைக் குழம்பு வைப்பதும் சாப்பாட்டு அளவில் சரி. அதையே சாறாகப் பிழிந்து குடிப்பதும், முத்திரையில்லாத டப்பாவில் வரும் மூல லேகியமும் வேறு விஷயம். அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறதென்று டப்பா சொல்லாது.

பேருந்து நிலையச் சுவரெல்லாம் "மூலம், பவுத்திரம், அறுவை இல்லாமல் ஒரே ஊசியில்" என்று எழுதியிருக்கும். அந்த மாதிரி இடத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். என்ன மருந்தென்று சீட்டில்கூட எழுதவில்லை. சதை வெந்து, ஆறி, வழி சுருங்கிப் போயிருந்தது. பிரசவ மூலம் பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்தில் தானாகவே சுருங்கும். அதற்குள் ஊசிக்கும் கத்திக்கும் அவசரமே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது

ஐந்தாம் நாள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டி, அன்று இரவே லாக்டுலோஸ் பதினைந்து மில்லி. ஆறாம் நாள் வாயு மட்டும், மலம் இல்லை. அம்மாயி விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவிட்டார். நான் போன் பண்ணி இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன், காலையிலும் ஒரு பதினைந்து மில்லி சேர்த்தோம். ஏழாம் நாள் காலை கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போனாள். முதலில் இறுகிய துண்டு ஒன்று, பின்னால் இளகலாக வந்தது. கொஞ்சம் ரத்தம், கண்ணீர் இல்லை. எட்டாம் நாள் இசப்கோல் ஒரு டீஸ்பூன் தொடங்கினோம். பத்தாம் நாள் மலம் தண்ணியாகப் போனதால் காலை லாக்டுலோஸை நிறுத்தி, இரண்டு நாள் கழித்து இரவு அளவையும் நிறுத்தினோம். இரண்டாம் வாரம் ரத்தம் நின்றது. மூன்றாம் வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டாம் நாள் பரிசோதனையில் உருண்டை இல்லை, அந்த இடத்தில் தொளதொளவென்று சின்னத் தோல் மடிப்பு மட்டும். அது மூலம் இல்லை, வற்றிப்போன பை. வலிக்காது, சுத்தமாகக் கழுவினால் போதும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

உருண்டை திடீரென்று கடினமாகி, நீலமாகி, தொட முடியாமல் வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. மூன்று நாளுக்குள் போனால் மரத்துப்போகச் செய்து சின்னதாகக் கீறி எடுத்துவிட முடியும், வலி உடனே விடும். அதற்குப் பிறகு போனால் பெரும்பாலும் தானாகக் கரைய விடுவார்கள், இரண்டு வாரம் வலியைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுவும் பிரியாவிட்டால், அதுவும் சிசேரியன் ஆகியிருந்தால், மலம் இளக்கி குடித்துப் பார்க்க வேண்டாம், நேராக மருத்துவமனை. காய்ச்சலோடு பின்பக்கம் துடித்துத் துடித்து வலித்தால் சீழ் கட்டியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைவதும், கட்டி கட்டியாக ரத்தம் போவதும், தலைசுற்றலும் மூலத்தால் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், அது கருப்பையிலிருந்து வரலாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று பெண்கள் சொல்லவே கூச்சப்படுவது: தெரியாமலே வாயுவோ மலமோ கசிவது. இரண்டு காரணம் இருக்கலாம். உள்ளே கல் மாதிரி அடைத்திருக்க, அதைச் சுற்றி நீராகக் கசிகிறது, வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அல்லது பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்தது தெரியாமல் போயிருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது "மூலம் இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாளாக, எந்த நிறம், கசிகிறதா, என்னென்ன மாத்திரை, தையல் எத்தனாம் டிகிரி என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.